ஐயாயிரத்து நானூறு எங்கே போச்சு?

இருப்பாய்வு இடிக்கிறதா? முதல் வேலையாகக் கணக்கு எழுதும் பையனைத் திட்டுங்கள். அதனால் பிழை அகப்படாது. ஆனால் அவன் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவான், பேரேடு உங்கள் கைக்கு வந்துவிடும். அடுத்து, வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுங்கள். தூக்கம் நன்றாகவே வரும், ஆடிட்டர் வருகிறவரைக்கும்.

மனசு கேட்கவில்லையா? சரி, உட்காருங்கள். செந்துறையில் உங்களுக்கு ஒரு சிமென்ட் கடை என்று வைத்துக்கொள்வோம். அரியலூர் ஆலைகளிலிருந்து மூட்டை வருகிறது. பொன்பரப்பிக்காரரும் குழுமூர்க்காரரும் கடனுக்கு எடுத்துப்போய், முந்திரி விற்றதும் கொடுக்கிறார்கள். வருடக் கடைசியில் பற்றுப் பக்கம் வரவைவிட 5,400 ரூபாய் கூடுதல்.

பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவது நம் பரம்பரை வழக்கம். விடிந்துவிடும், வேண்டாம். இரண்டு பக்கமும் மறுபடி கூட்டுங்கள். ரொக்க இருப்பும் வங்கி இருப்பும் பட்டியலில் ஏறினவா என்று பாருங்கள். அவை பேரேட்டில் இல்லாமல் ரொக்க ஏட்டிலேயே குடியிருப்பதால், பலருக்கு ஞாபகமே வருவதில்லை.

அப்புறம் 5,400ஐப் பாதியாக்குங்கள்: 2,700. வரவில் எழுத வேண்டிய 2,700ஐப் பற்றில் எழுதினால் அந்தப் பக்கம் ஏறும், இந்தப் பக்கம் குறையும்; வித்தியாசம் இரட்டிப்பாகும். ஒருவர் திருப்பித் தந்த மூட்டைக்கு 2,700 அகப்படுகிறது. பிடித்துவிட்டோம் என்று துள்ளாதீர்கள், அது வரவில் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

இப்போது ஒன்பதால் வகுங்கள். மீதியில்லாமல் 600. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 600 என்றால் ஆயிரத்துக்கும் நூற்றுக்கும் நடுவே மாற்றம், இரு இலக்கங்களுக்கும் இடையே ஆறு வித்தியாசம். ஆக 71க்கு 17, 82க்கு 28, 93க்கு 39 என்று தேடினால் போதும். 6,000த்தில் ஒரு சைபர் விழுந்து 600 ஆனாலும் இதே 5,400தான். பற்று கூடுதல் என்பதால் வரவில் குறைத்து எழுதிய தொகையையே முதலில் தேடுங்கள். இதோ, பொன்பரப்பிக்காரர் கட்டிய 8,200. ரொக்க ஏட்டில் சரி. அவர் பேரேட்டில் 2,800!

கணினியில் எழுதுகிறவர்கள் சிரிக்க வேண்டாம். டாலி இரு பக்கமும் சமமாக இல்லாமல் பதிவை ஏற்காது. ஆனால் தொடக்க இருப்பைத் தப்பாக ஏற்றினால் Difference in Opening Balances என்று அதுவும் காட்டும்.

டேலி ஆகிவிட்டது என்று ஏட்டை மூடுகிறீர்கள். ஒரே பெயரில் இரண்டு வாடிக்கையாளர் இருந்து, பொன்பரப்பிக்காரர் கடனைக் குழுமூர்க்காரர் தலையில் எழுதியிருந்தால் இருப்பாய்வு இம்மியும் இடிக்காது. அந்தப் பிழையைத் தேட உங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை. பாக்கி கேட்டு ஆள் அனுப்புங்கள், குழுமூர்க்காரரே கடைக்கு வந்து சத்தம் போட்டுச் சொல்வார்.