ஒரு பக்கத்துக்குத் தடை, ஊருக்கே பூட்டு

2012இல் '3' படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இணையச் சேவை நிறுவனங்கள் அந்தப் பிரதிகள் இருந்த பக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. விமியோ, பேஸ்ட்பின் தளங்களையே மூடின. ஜூனில் நீதிமன்றம் குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் மூடச் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால், இன்று தளங்கள் பெரும்பாலும் மறையாக்கத்தில் ஓடுகின்றன. எந்தப் பக்கம் என்பது நிறுவனத்தின் கண்ணுக்கே தெரியாது. மிச்சமிருப்பது மூன்று வழிகள்.

ஐபி எண்ணை அடைத்தால், அதே எண்ணில் குடியிருக்கும் ஆனைமலைத் தேங்காய் மண்டியின் தளமும் சேர்ந்து படுக்கும். 2022 ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் கிளவுட்ஃபிளேர் எண்களை அடைத்தபோது சம்பந்தமில்லாத தளங்கள் இப்படித்தான் முடங்கின. இரண்டாவது, டிஎன்எஸ்ஸைப் பொய் சொல்ல வைப்பது. அது மலிவு. ஆனால் வேறு டிஎன்எஸ்ஸைக் கேட்டால் தளம் திறந்துகொள்ளும். அதாவது திருடனுக்கு வழியுண்டு, விவரம் தெரியாதவருக்குத்தான் கதவடைப்பு. மூன்றாவது, இணைப்பின் முதல் கைகுலுக்கலில் தளத்தின் பெயர் வெளிப்படையாகப் போவதைப் படித்து, அங்கேயே அறுப்பது. டிஎன்எஸ் சரியாகப் பதில் சொல்லி, இணைப்பும் தொடங்கி, பெயர் சொன்னவுடன் அறுந்தால் இதுதான் என்று சந்தேகிக்கலாம்.

“மூன்றாவதுதான் துல்லியம்” என்பார்கள். அண்டைவீட்டாருக்குச் சேதமில்லை, உண்மைதான். ஆனால் அதற்கு எல்லார் கைகுலுக்கலையும் எட்டிப் பார்க்க வேண்டும். அப்படியும் அகப்படுவது தளத்தின் பெயர்தான், பக்கமல்ல. அந்தப் பெயரையும் மறைக்கும் முறை வந்துவிட்டது. ஆகவே உத்தரவு எழுதுபவர்கள் எதை மூடுவது என்பதோடு, எப்படி மூடுவது என்பதையும் எழுதட்டும்.