சாஃப்ட்வேர் தம்பியிடம் பட்சணக் கடை மாமி கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

கோட்டூர்புரத்தில் வீட்டோடு சேர்ந்த பட்சணக் கடை உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் எழுத ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. அதற்குப் பதிலாக 'சிஸ்டம்' செய்து தருகிறேன் என்று ஒரு தம்பி லேப்டாப்போடு வந்து உட்காருகிறார். காபி கொடுங்கள். "எவ்வளவு ஆகும், எப்போ முடியும்?" என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த இரண்டுக்கும் எல்லாரிடமும் பதில் தயாராக இருக்கும். தயாராக இல்லாதவை கீழே.

1. அடித்து எழுதினால் பழையது தெரியுமா?

நோட்டில் ஒரு கல்யாணச் சீர் ஆர்டரைத் திறந்து காட்டுங்கள். ஏழு சுத்துக் கைமுறுக்கு 51 என்று எழுதி, அடித்து, 101 என்று மாற்றி, அதையும் அடித்து, 71 என்று முடிந்திருக்கும். டெலிவரி அன்று, "நூத்தியொண்ணுன்னா சொன்னோம்!" என்று பிள்ளை வீட்டார் குதிக்கும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்த அடித்தல்தான். "எடிட் பண்ணிக்கலாம் மாமி" என்று தம்பி சொன்னால் அது பதில் இல்லை. எடிட் செய்தால் 71 மட்டும் மிஞ்சும். யார், எப்போது, எதை எதாக மாற்றினார்கள் என்ற வரிசை அழியாமல் இருக்க வேண்டும்.

2. விலையை ஏற்றினால் பழைய ஆர்டர் என்ன ஆகும்?

முறுக்கு ஒன்று 40 ரூபாய் என்றால் 71க்கு 2,840. அட்வான்ஸ் 1,000 போக பாக்கி 1,840. நடுவில் எண்ணெய் விலை ஏறுகிறது, நீங்கள் 45 ஆக்குகிறீர்கள். விலையை ஒரே பட்டியலில் வைத்து, எல்லா பில்லும் அங்கிருந்தே படிக்கும்படி தம்பி செய்திருந்தால், பாக்கி தானாகவே 2,195 ஆகிவிடும். அந்த 355 ரூபாய்க்கான சண்டையை நீங்கள்தான் போட வேண்டும். ஆர்டர் எடுத்த நிமிஷமே அன்றைய விலை அந்த ஆர்டருக்குள் பதிந்துவிட வேண்டும். சோதிப்பது சுலபம்: உங்கள் முன்னால் ஒரு ஆர்டர் போடச் சொல்லுங்கள், விலையை மாற்றச் சொல்லுங்கள், பழைய ஆர்டரைத் திறக்கச் சொல்லுங்கள். தம்பியின் முகத்தையும் பாருங்கள்.

ஜிஎஸ்டியும் இதே கதைதான். பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய கார வகைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. அடுத்த நான்கு வாரத்தில் தீபாவளி. 'இந்தத் தேதியிலிருந்து இந்த வரி' என்று நீங்களே போட்டுக்கொள்ள வழி இல்லாவிட்டால், தீபாவளி நெரிசலில் தம்பியின் போனுக்கு அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

3. நாளைக்கு எத்தனை முறுக்கு சுற்ற வேண்டும்?

தம்பி வண்ண வண்ணமாக 'இன்று வந்த ஆர்டர்கள்' காட்டுவார். சமையலறைக்கு அது வேண்டாம். டெலிவரி தேதிப்படி, எல்லா ஆர்டரையும் கூட்டி, முறுக்கு இத்தனை, அதிரசம் இத்தனை என்று ஒரு சீட்டு வேண்டும். சுற்றுகிற கைகள் ஒரு நாளைக்கு 300தான் சுற்றும் என்றால், 301வது முறுக்கை அந்தத் தேதிக்கு வாங்க மறுக்கிற தைரியமும் சிஸ்டத்துக்கு வேண்டும். உங்களுக்கு அது கிடையாது.

4. கரண்டும் நெட்டும் போனால்?

2015 டிசம்பரில் அடையாறு எங்கே வரை வந்தது என்று கோட்டூர்புரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். "எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கும் மாமி" என்பார் தம்பி. இருக்கும், நமக்குத்தான் எட்டாது. தினமும் ராத்திரி, அடுத்த இரண்டு நாள் டெலிவரியை பெயர், போன் நம்பர், பட்சணம், பாக்கி என்று ஒரே தாளில் அச்சடிக்கச் சொல்லுங்கள்.

5. இது யாருடையது?

காசு கொடுத்தேன், அதனால் என்னுடையது என்பது நோட்டுக்குப் பொருந்தும். தம்பி உங்களிடம் சம்பளத்துக்கு இல்லாதவர் என்றால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் எழுதிய நிரலின் முதல் உரிமையாளர் பொதுவாக அவரேதான். கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். எவ்வளவு காலத்துக்கு என்று அதில் எழுத மறந்தால், சட்டம் ஐந்து வருஷம் என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே காலத்தையும் எழுதி வாங்குங்கள். வெப்சைட் பெயர் உங்கள் பேரில் பதிவாகட்டும். வாடிக்கையாளர் பட்டியலை நீங்களே எக்செல்லில் இறக்கிக்கொள்ள ஒரு பட்டன் இருக்கட்டும்.

ஐந்துக்கும் ஒழுங்காகப் பதில் வந்தால் வேலையைக் கொடுங்கள். முதல் தீபாவளிக்கு நோட்டும் சிஸ்டமும் கூடவே ஓடட்டும். தினமும் ராத்திரி இரண்டையும் ஒத்துப் பாருங்கள்.

தம்பி கிளம்பும்போது அட்வான்ஸ் கேட்பார். கொடுத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தொகையை பேனாவில், டெலிவரி தேதியை பென்சிலில்.