ஒரு கழித்தல் கணக்கு

நான் முதுகலை படித்த காலத்தில் ஜர்னல் கிளப் என்றால் ஒருவர் கட்டுரைச் சுருக்கத்தை ஒப்பிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்போம். கடைசியில் ஆசிரியர் கேட்பவையும் மாறாதவை: நோக்கம் என்ன, எத்தனை பேரை ஆராய்ந்தார்கள், முடிவு என்ன? எல்லாவற்றுக்கும் விடை சுருக்கத்திலேயே வரிவரியாக இருக்கும். உள்ளே இருந்த அட்டவணைகளை யாரும் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

இன்று பாறசாலையில் இருந்துகொண்டு, பொதுச் சுகாதாரம் படிக்கும் முதுகலை மாணவர்களுக்கு ஜர்னல் கிளப் கேள்விகளை நான் எழுதுகிறேன். அவர்களில் பலர் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் களப்பணி செய்கிறவர்கள். அதனால் முதலில் கொடுப்பது எங்கள் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே நடந்த ஆய்வு. வாய்ப்புற்றுநோயைக் கண்ணால் பார்த்தே முன்கூட்டிக் கண்டுபிடித்தால் இறப்பு குறையுமா என்று மண்டலப் புற்றுநோய் மையம் 1996 முதல் நடத்திய சோதனை. 2005இல் 'லான்செட்' இதழில் வந்தது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயைப் பார்த்தார்கள். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் பெரியவர்கள் உள்ள எங்கள் ஊர்களுக்கு இது அந்நியமான விஷயமல்ல.

கேள்வி எழுத உட்காரும்போது முதலில் தேடுவது, ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தெரியும் இரண்டு எண்களை. பரிசோதனை செய்த பிரிவில் 205 பேருக்குப் புற்றுநோய், 77 பேர் இறந்தார்கள். செய்யாத பிரிவில் 158 பேருக்குப் புற்றுநோய், 87 பேர் இறந்தார்கள். இதிலிருந்து என் முதல் கேள்வி: "பரிசோதனை நடந்த ஊர்களில் புற்றுநோய் ஏன் கூடுதல்?" தேடிப் பார்த்ததால் கூடுதலாகக் கிடைத்தன என்பதைப் பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். அடுத்ததில்தான் கண்ணி இருக்கிறது: "77ஐ 205ஆல் வகுத்தால் 38 சதவீதம், 87ஐ 158ஆல் வகுத்தால் 55. பரிசோதனை உயிரைக் காத்தது என்பதற்கு இது போதுமா?" போதும் என்று ஒரு மாணவர் உறுதியாகச் சொல்வார். அப்போது வகுக்கும் எண்ணை விசாரிக்க வேண்டும். நோயாளிகளின் எண்ணிக்கையே பரிசோதனையால் பெருகியிருக்கும்போது அதை வைத்து வகுத்தால் சதவீதம் தானாகவே இறங்கும். சரியான அடிப்படை, இரு பிரிவிலும் இருந்த மொத்த மக்கள்: 96,517 பேரும் 95,356 பேரும். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், வரக்கூடிய தவறான விடையையும் நான் எழுதிவைப்பது இதற்காகத்தான். தவறான விடை எதுவும் தோன்றாத கேள்வியை அடித்துவிடுவேன்.

அடுத்த கேள்விக்கு வெறும் கழித்தல் போதும். மொத்தத்தில் இரு பிரிவுகளின் இறப்பு வீத விகிதம் 0.79, அதன் நம்பிக்கை இடைவெளி 0.51 முதல் 1.22 வரை. 1ஐத் தாண்டுவதால் நன்மை என்று அடித்துச் சொல்ல முடியாது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் மட்டும் அது 0.66, இடைவெளி 0.45 முதல் 0.95. அவர்களில் இறந்தவர்கள் பரிசோதனை செய்த பிரிவில் 70, செய்யாத பிரிவில் 85. "அப்படியானால் பழக்கமில்லாதவர்களில் எத்தனை பேர்?" என்று கேட்கிறேன். 77இலிருந்து 70 போனால் 7; 87இலிருந்து 85 போனால் 2. ஒரு மாணவி நிமிர்ந்து கேட்டார்: "மேடம், அப்படின்னா பரிசோதனை பண்ணினதால கூடுதலா செத்துட்டாங்களா?" இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலே இப்படி ஆட்டிவைக்கும் என்பதை அவரே அடுத்த அரை மணி நேரத்தில் எட்டினார். ஒரு துணைப்பிரிவின் முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற பாடம் அங்கே வந்துவிட்டது.

இவ்வளவு பெரிய ஆய்வில் நம்பிக்கை இடைவெளி ஏன் அகலம் என்பது கடைசிக் கேள்வி. குலுக்கிப் பிரித்தது ஆட்களை அல்ல, 13 ஊராட்சித் தொகுதிகளை. ஏழு ஒரு பக்கம், ஆறு ஒரு பக்கம். ஒரே ஊர்க்காரர்களின் பழக்கம் ஒன்றுபோல இருப்பதால் லட்சம் பேர் இருந்தும் லட்சம் தனிச் சாட்சிகள் இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுமுறைப் பகுதியைத் திறந்தே ஆக வேண்டும்.

அன்றைய கேள்விகள் நினைவாற்றலைச் சோதித்தன. ஜர்னல் கிளப்புக்குக் கேள்வி எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: கட்டுரையின் ஒரு வரியை அப்படியே எடுத்து எழுதினால் விடையாகிவிடும் என்றால், அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை வரும் என்ற கேள்வியைக் கேளுங்கள்.