கடையிலேயே ஒரு சோதனை

கேள்வி: கட்டுரை நூல்களை அட்டையைப் பார்த்து வாங்கி ஏமாறுகிறேன். கடையில் நின்றபடியே தரம் பார்க்க முடியுமா?
– ஒரு வாசகர், குத்தம்பாக்கம்

பதில்: உங்கள் ஊரே நல்ல உரைகல்லாயிற்றே! பஞ்சாயத்து ராஜ் பற்றிய நூல் என்றால், கடைசிப் பக்கங்களில் உள்ள சொல்லடைவில் 'குத்தம்பாக்கம்' இருக்கிறதா என்று பாருங்கள். '12, 57, 140' என்று சிதறிக் கிடந்தால் பெயர் வந்து போகிறது. '57–64' என்றிருந்தால் விஷயம் இருக்கலாம். அந்தப் பக்கத்துக்குப் போங்கள். 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி, தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே சுவரைப் பகிரும் இரட்டை வீடுகள் என்று விவரம் வந்தால் ஆசிரியர் உழைத்திருக்கிறார். 'முன்மாதிரி கிராமம்' என்ற பாராட்டோடு நின்றால் புத்தகத்தை அடுக்கிலேயே விடுங்கள். தெரிந்த ஊரிலேயே கோட்டை விட்டவரைத் தெரியாத ஊருக்கு எப்படி நம்புவது?

பிறகு பொருளடக்கம். எல்லாத் தலைப்பும் 'விடியலை நோக்கி' ரகமென்றால், உள்ளே மேடைப் பேச்சாக இருக்கக்கூடும். முதல் பக்கங்களில் அணிந்துரைகளைத் தாண்டிவிடுங்கள். அங்கே யாரும் திட்டுவதில்லை. ஆசிரியரின் முன்னுரையில் எந்தக் கேள்விக்கு விடை தேடினார், யாரைச் சந்தித்தார் என்று இருக்கிறதா? முதல் பதிப்பு எந்த ஆண்டு? புதிய அட்டைக்குள் பழைய புள்ளிவிவரம் தூங்கலாம்.

சொல்லடைவே இல்லையா? தமிழில் அது சகஜம். அப்போது உங்கள் ஊர் வரக்கூடிய அத்தியாயத்தைப் புரட்டுங்கள், கடைக்காரர் கனைக்கும்வரை.