எழுபது வளைவுகளும் ஒரு ழகரமும்

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் எழுபது என்பது யாவரும் அறிந்த செய்தி. ஆனால் ஒன்று முதல் எழுபது வரை அவற்றை வாய்விட்டு எண்ணிக்கொண்டு போகிறவனுக்கு ழகரம் எட்டு முறை மட்டுமே நாவில் அகப்படும் என்பதை, அடியேன் அறிந்த அளவில், எந்தப் பண்டிதரும் இதுகாறும் ஆராய்ந்து கூறியதில்லை. ஏழில் தொடங்கி அறுபத்தேழு வரை பத்துக்கு ஒன்றாக ஏழு முறை. உச்சியில் எழுபது என்று ஒரு முறை. ஒலியியல் ஆராய்ச்சிக்கென்றே நெடுஞ்சாலைத் துறையார் அமைத்துக் கொடுத்தது போன்ற இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இருப்பது மகாபாவம் என்று தோன்றியதால், தமிழ் கற்றுக்கொண்டிருந்த மைசூர் நண்பர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, நாமக்கல்லில் பேருந்து ஏறினேன்.

மலையின் பெயரே இவ்விஷயத்தில் ஒரு பாடம். கொல்லி என்றால் மலை. கொள்ளி என்றால் சுடுகாட்டுச் சமாசாரம். லகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையே வழுக்கியவன் எங்கே போய் விழுவான் என்பது இதனால் விளங்கும். மூன்றாவதாகக் "கொழ்ழி" என்று ஒரு சொல் இருக்கிறதா என்று நண்பர் கேட்டார். இல்லை, இருக்கவும் முடியாது. தம்மோடு தாம் இரட்டிக்காத மெய்கள் ரகரமும் ழகரமும் என்று தொல்காப்பியர் அன்றே விதித்துவிட்டார்.

இந்த விதியை நம்மவர் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் ல, ள, ழ என்று மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி, மூன்றாவதற்குச் "சிறப்பு" என்று பட்டமும் சூட்டி, ழகரம் ஏதோ மிகவும் பிரயாசைப்பட்டுச் சொல்லும் ஒரு லகரம் என்ற எண்ணத்தைக் குழந்தைகளின் மனத்தில் ஊன்றிவிடுகிறோம். தொல்காப்பியரோ பிறப்பியலில் லகர ளகரங்களை நாவின் விளிம்பு வீங்கிப் பிறப்பன என்று ஒரு பக்கம் வைத்துவிட்டு, நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடப் பிறப்பன என்று ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே சூத்திரத்தில் உடன்பிறந்தவர்களாக்கினார். லகர ளகரங்களில் நாவின் நடுப்பகுதி வழியை அடைத்துக்கொள்ள, மூச்சு இரு பக்கமாகவும் பிதுங்கி வெளியேறுகிறது. ழகரத்தில் நாவின் ஓரங்கள் கடைவாய்ப் பற்களைச் சார்ந்து நிற்க, நுனி பின்னோக்கிச் சுருண்டும் மேலே ஒட்டாமல் நிற்க, மூச்சு நட்டநடுவே தடையின்றிப் போகிறது. சோழமண்டலத்தைக் கோரமண்டல் என்று எழுதிவைத்த ஐரோப்பிய மாலுமிகளை நாம் கேலி செய்கிறோம். சோழனைச் சோலா என்று எழுதும் இக்காலத்தவரைவிட அவர்கள் செவி கூர்மையானது என்பது என் துணிபு.

இனிப் பிரயோகம். ஏழாம் வளைவில் நண்பர் "ஏளு" என்றார். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை; அது அவருடைய தாய்மொழி. பழங்கன்னடத்திலும் இவ்வொலியும் இதற்கென ஓர் எழுத்தும் இருந்தன. 13-ஆம் நூற்றாண்டில் கேசிராஜர் இயற்றிய "சப்தமணிதர்ப்பணம்" அந்த எழுத்தைத் தனியே எடுத்துப் பேசுகிறது. பின்னர் அது வழக்கொழிந்தது. நம் ஏழு அவர்களுக்கு ஏளு, தெலுங்கருக்கு ஏடு. நம் கோழி முன்னவருக்குக் கோளி, பின்னவருக்குக் கோடி. ஆகவே நண்பர் புதிதாக ஒன்றைக் கற்கவில்லை. முன்னோர் தொலைத்த பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குத் தைரியம் சொன்னேன்.

பதினேழாம் வளைவில் நிலைமை மோசமாயிற்று. ஆங்கில எழுத்தில் தமிழ் கற்பிக்கும் ஏதோ ஒரு கையேட்டில் இசட், எச் என்று இரண்டு எழுத்துக்களைக் கண்டிருந்த அவர், பல்லிடுக்கில் வண்டு புகுந்தாற்போல் ஓர் ஓசையை எழுப்ப, முன்னிருக்கை மூதாட்டி திரும்பிப் பார்த்தார். மூச்சு உராய்ந்தால் அது ழகரம் அன்று.

இருபத்தேழிலிருந்து முறையாகத் தொடங்கினோம். "ஆ" என்று நீளமாகக் குரல் கொடுத்து, குரலை நிறுத்தாமலே நுனிநாவை மெல்ல மெல்லப் பின்னோக்கிச் சுருட்டிக்கொண்டு போகவேண்டும். ஓசை கருத்து, குடத்துக்குள்ளிருந்து வருவது போல் மாறும். மேலே முட்டுவதற்கு ஒரு நூலிழை முன்னே நின்றுவிடவேண்டும். எங்கள் ஓட்டுநர் செய்ததும் அதுவே: பாறைச் சுவரை நோக்கி வண்டியை முழுதும் திருப்பி, ஆனால் உரசாமல். உரசினால் ளகரம், திரும்பவே மனமில்லாமல் முன்பல்லுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டால் லகரம், நுனியைக் கீழே போட்டுவிட்டு நடுநாவை மட்டும் தூக்கினால் யகரம்.

உரசிற்றா இல்லையா என்பதை நாவே சொல்லாது. அதற்கு ஓர் உபாயம் உண்டு. ஒலியின் நடுவில் நாவை அப்படியே அசையாமல் நிறுத்தி, காற்றை உள்ளே இழுக்கவேண்டும். நாவின் இரு ஓரங்களும் குளிர்ந்தால் அது லகர ளகரங்களுள் ஒன்று, நடுநாவில் கோடு போட்டாற்போல் குளிர்ந்தால் ழகரம். முப்பத்தேழில் நண்பருக்கு ஓரங்கள் குளிர்ந்தன. நாற்பத்தேழில் "நாற்பத்தேரு" என்று வந்தது; நான் ஆனந்தப்பட்டேன், ஏனெனில் வீடு தவறினாலும் குடும்பம் சரியாகிவிட்டது.

எஞ்சியது ஒரு சூட்சுமம். கற்பவர் "ஏ" என்று தெளிவாக முடித்துவிட்டுப் பிறகு நாவைச் சுருட்டப் பார்க்கிறார். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. தாய்மொழியாளன் வாயிலோ முன்னிற்கும் உயிர் ஒலிக்கும்போதே நா வளையத் தொடங்கிவிடுகிறது. ஆதலால்தான் "கிழவி"யின் இகரம் "கிலி"யின் இகரத்தைப் போல் ஒலிப்பதில்லை. வளைவுக்கு வந்த பிறகா ஓட்டுநர் சக்கரத்தைத் திருப்புகிறார்? இதைச் சொன்ன பின், அறுபத்தேழில் ஏறக்குறையவும் எழுபதில் ஐயமறவும் அவருக்கு அது வாய்த்தது என்றே என் செவிக்குப் பட்டது.

செவி நம்பத்தக்க சாட்சியன்று. ஆகவே சோளக்காட்டுச் சந்தையருகே ஒரு தேநீர்க் கடையில், நல்லெண்ணெயில் குழைத்த கரித்தூளை நாவில் பூசி, ஒரே ஒரு முறை "பழம்" என்று சொல்லி, கண்ணாடியில் அண்ணத்தைப் பார்க்கும் சாஸ்திரீயப் பரீட்சையை நடத்தினோம். பழம் என்ற சொல்லைத் தேர்ந்தது பலாவும் மலைவாழையும் எதிரே குவிந்திருந்ததால் மட்டுமன்று. பகரமும் மகரமும் இதழில் பிறப்பன, நா மேலே போவதற்கு அவற்றில் வேலையே இல்லை. ஆகவே அண்ணத்தில் எந்தக் கறை படிந்தாலும் அதற்கு ழகரம் ஒன்றே பொறுப்பாளி. முன்பல்லின் பின்னே கறை இருந்தால் அவன் சொன்னது பலம். அண்ணத்தின் உச்சியில் இருந்தால் பளம். கடைவாய் ஓரங்களில் மட்டும் சிறிது படிந்து நடு வெளுத்திருந்தால் பழம்.

நண்பரின் அண்ணம் நடுவில் துல்லியமாக வெளுத்திருந்தது. ஒப்புநோக்குக்கு ஒரு தமிழன் வாயும் வேண்டுமல்லவா என்று, மதுரைக்குத் தெற்கே பிறந்து வளர்ந்த அடியேனும் நாவில் கரி பூசி, சந்தைக்காரர் பத்துப் பேர் சூழ்ந்து நிற்க, உரத்த குரலில் அச்சொல்லை உச்சரித்துவிட்டு வாயைத் திறந்தேன். நண்பர் கண்ணாடியைப் பிடித்தார். உச்சியில், கட்டைவிரல் நுனி அளவுக்கு, வட்டமாகக் கறுத்திருந்தது.

வாய் கொப்புளித்துவிட்டு வந்தபோது நண்பர் பழம் விலை கேட்டுக்கொண்டிருந்தார். நான் விரலைக் காட்டியே ஒரு சீப்பு வாங்கினேன்.