கார்டுக்கு ஆயுள் எத்தனை மாதம்?

கே: மகளின் பிறந்தநாளுக்கு 5,000 ரூபாய் கிஃப்ட் கார்டு வந்தது. 1,850 ரூபாய்க்குச் சுடிதார் எடுத்தோம். எட்டு மாதம் கழித்துப் போனால், "இதுக்கு ஆறு மாசம்தான் மேடம்" என்கிறார் கேஷியர். கார்டோடு வந்த மின்னஞ்சலில் 12 மாதம் என்று இருக்கிறது. மீதி 3,150 ரூபாய் போனதுதானா? (திருச்சி வாசகி)

ப: பணம் எங்கும் போகவில்லை, யாரோ ஒருவர் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அது யார் என்று கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். கடையின் பெயர் முன்னால் பெரிதாக இருந்தாலும், கார்டை வழங்கியது ஒரு வங்கியோ பணப் பரிவர்த்தனை நிறுவனமோ என்று பொடி எழுத்தில் இருக்கலாம். அப்படியானால் கேஷியரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ரிசர்வ் வங்கி 2021-இல் வெளியிட்ட விதிகளின்படி இத்தகைய கார்டுக்குக் குறைந்தது ஓராண்டு ஆயுள் உண்டு. காலாவதியான பிறகும் மூன்றாண்டுகளுக்கு மீதியைத் தன் லாபக் கணக்கில் சேர்க்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. நீங்கள் கேட்டால் வங்கிக் கணக்கில் திருப்பித் தர வேண்டும். கடிதம் போட்டு 30 நாளில் தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம்.

கே: கார்டு கடையுடையதாகவே இருந்தால்?

ப: அந்தக் கடையில் மட்டும் செல்லும் சொந்தக் கார்டுக்கு ரிசர்வ் வங்கி விதி பொருந்தாது. அங்கே உங்கள் பலம் அந்த மின்னஞ்சல்தான். விற்கும்போது 12 மாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆறாகச் சுருக்குவது சேவைக் குறைபாடு என்று வாதிடலாம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இந்தத் தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

கே: கடிதத்தில் நன்றாகத் திட்டலாமா?

ப: திட்டினால் பதிலும் திட்டுக்குத்தான் வரும், பணத்துக்கு வராது. இவ்வளவு போதும்:

"ஐயா, …1234 என்று முடியும் 5,000 ரூபாய் பரிசு அட்டை எனக்கு வந்தது. உங்கள் மின்னஞ்சலில் 12 மாதம் செல்லும் என்று உள்ளது. 1,850 ரூபாய் செலவழித்தேன். எட்டாம் மாதத்தில், ஆறு மாதமே செல்லும் என்று கடையில் மறுத்துவிட்டார்கள். மீதி 3,150 ரூபாயைப் பயன்படுத்த வழிசெய்யுங்கள். இல்லையேல் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். மறுப்பதானால் எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் தாருங்கள். மின்னஞ்சல், பில் நகல்கள் இணைத்துள்ளேன்."

தேதிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். ஆறு மாதம் என்று எங்கேயும் அச்சாகியிருக்காவிட்டால், அதற்குப் பதில் எழுதுவது அவர்களுக்குப் பெரும்பாடு.

கே: "கார்டைக் கொடுத்துட்டுப் போங்க, மேலே கேட்டுச் சொல்றோம்" என்கிறார்களே?

ப: தாராளமாகக் கேட்கட்டும், கார்டு உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். இரு பக்கமும் படம் எடுத்து, பின் நம்பரை மறைத்து அனுப்புங்கள். அந்த நம்பர் தெரிந்தவர் கார்டே இல்லாமல் சுடிதார் எடுத்துவிடுவார்.