கேளுங்க டீச்சர்!

கே: மூன்றாம் வகுப்புப் பையன் வாசிப்பில் பின்தங்குகிறான். அவன் அம்மாவுக்கு 'உடனே கூப்பிடவும்' என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். அடுப்பில் வைத்ததை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடி வந்துவிட்டார். ஏன்?
– ஆசிரியை, காட்கோபர் கிழக்கு

ப: காரணம் எழுதவில்லையே! நீங்கள் விட்ட இடத்தில் பெற்ற மனசு விபத்தையும் காய்ச்சலையும் தானே எழுதிக்கொண்டது. பிள்ளை நன்றாக இருக்கிறான் என்பதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்.

கே: குறையை எப்படி நோகாமல் சொல்வது?

ப: 'வாசிப்பில் ரொம்ப வீக்' என்பது தீர்ப்பு. 'கொ, கோ வந்தால் நின்றுவிடுகிறான்' என்பது நீங்கள் கண்ணால் பார்த்தது. பார்த்ததைச் சொன்னால் யாருக்கும் நோகாது. அதையும் போனில் சொல்லுங்கள். எழுத்தில் போட்டால் ராத்திரிக்குள் சொந்தக்காரர்கள் குரூப்பில் சுற்றும்.

கே: எந்த நேரம் கேட்பது?

ப: இட்லி வியாபாரி வீட்டில் விடியுமுன்னே அடுப்பு எரியும், மதியம் தூங்குவார்கள். ஆபீஸ் போகிறவரோ சாயங்காலம் 7 மணிக்குக் காட்கோபர் ஸ்டேஷனில் மெட்ரோவுக்கும் லோக்கலுக்கும் நடுவே நசுங்கிக்கொண்டிருப்பார். அதனால் இரண்டு நேரம் கொடுங்கள். மூன்றாவதை அவர்கள் சொல்லட்டும்.

கே: ஒரு மாதிரி எழுதிக் காட்டுங்களேன்.

ப: 'வணக்கம்மா. கார்த்திக்கோட கிளாஸ் டீச்சர் பேசுறேன். கார்த்திக் நல்லா இருக்கான், அவசரம் ஒண்ணும் இல்லை. கூட்டல் கணக்கை மனசுலயே போட்டுடுறான். தமிழ் வாசிக்கிறதுக்கு வீட்டுல எப்படி உதவலாம்னு உங்ககிட்ட 10 நிமிஷம் பேசணும். (1) புதன் காலை 11.30, (2) வியாழன் ராத்திரி 8.30. எது சௌகரியமோ அந்த நம்பரை மட்டும் அனுப்புங்க, நானே கூப்பிடுறேன். ரெண்டும் முடியலைன்னா உங்களுக்குத் தோதான நேரம் சொல்லுங்க.'
பாராட்டு நிஜமாக இருக்கட்டும். 'தங்கமான பையன்' என்று எழுதினால், 'அடுத்து ஏதோ வரப்போகுது' என்று புரிந்துவிடும்.

கே: நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

ப: அம்மாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராமல் இருக்கலாம். மராத்தியிலோ இந்தியிலோ படித்து வளர்ந்தவர்கள் இங்கே நிறைய. இல்லையென்றால் போன் கார்த்திக் கையில் இருந்திருக்கும். அன்றைக்கு மட்டும் தடுமாறாமல் வாசித்து, அழித்தும் இருப்பான்! அதையே அரை நிமிட வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள்.

கே: பெற்றோரைத் துரத்திப் பேசுவதும் எங்கள் வேலையா?

ப: 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவைப் பாருங்கள். பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிப் பெற்றோரைச் சந்தித்துத் தெரிவிப்பது ஆசிரியர் கடமை என்கிறது. துரத்தச் சொல்லவில்லை.

கே: போனை எடுத்த அப்பா, 'நாலு போடு போட்டுச் சொல்லிக்கொடுங்க டீச்சர்' என்கிறாரே?

ப: அதே சட்டத்தின் 17-வது பிரிவு அடிக்கத் தடை போட்டிருக்கிறது. அப்பாவுக்கு வேறு வேலை கொடுங்கள். வீட்டில் தமிழ்த் தினசரி காலண்டர் தொங்கினால், தாளைக் கிழிக்கும் உரிமை இனி கார்த்திக்குக்கு. ராசிபலனை வாசித்துக் காட்டினால்தான் கிழிக்கலாம். அப்பா ராசிக்கு 'செலவு' என்று போட்டிருந்தால் அழுத்தம் திருத்தமாகவே வாசிப்பான்.